டிஸ்ப்ளே வரலையா? மானிட்டரைத் திட்டாதீர்கள்!

வைகாசி முகூர்த்த சீசன். மதுரையில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் தம்பி ஒருவர் காலை ஏழு மணிக்கே போனில் வந்தார். "அண்ணே, மானிட்டர் மறுபடியும் போச்சுண்ணே. வாங்கிப் பத்து நாள்கூட ஆகலை."

எனக்கு இடித்தது அந்த 'மறுபடியும்'தான். பத்து நாள் முன்பும் இதேபோல் வேலைக்கு நடுவே திரை கறுத்திருக்கிறது. ஐந்து வருடம் உழைத்த மானிட்டருக்கு ஆயுசு முடிந்தது என்று அவரே முடிவுகட்டி, பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குப் புதிது வாங்கிவிட்டார். இப்போது அதுவும் கறுத்துவிட்டது.

"சிபியு நல்லாத்தான் ஓடுதுண்ணே. ஃபேன் எல்லாம் சுத்துது. கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் மாவு மில் மாதிரி கத்துது. அப்ப கார்டுல ஒண்ணுமில்லைதானே?"

"தம்பி, கறுத்ததும் மானிட்டர்ல ஏதாச்சும் எழுத்து வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. `No Signal`னு ஒரு சின்னப் பெட்டி. அப்புறம் பவர் லைட் ஆரஞ்சா மாறிடுச்சு."

"அப்ப மானிட்டர் நல்லாருக்கு."

"என்னண்ணே, மானிட்டர்தானே சிக்னல் இல்லைங்குது?"

பன்னிரண்டாயிரம் ரூபாய் எங்கே போனது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. 'இன்றைக்கு உங்களுக்குத் தபால் இல்லை' என்று சொல்ல வந்த தபால்காரரை அவர் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார்.

அந்தச் சின்னப் பெட்டியை வரைவது கம்ப்யூட்டர் இல்லை. மானிட்டருக்குள் இருக்கும் அதன் சொந்தப் போர்டு வரைகிறது. அது கண்ணில் படவேண்டும் என்றால் மானிட்டருக்கு மின்சாரம் வர வேண்டும், உள்விளக்கு எரிய வேண்டும், பேனல் வேலை செய்ய வேண்டும். மூன்றும் சரியாக இருப்பதற்கு அந்த ஒரு பெட்டியே சாட்சி. வர வேண்டிய படம் வரவில்லை என்பதுதான் அது சொல்லும் சேதி. வராததற்குக் காரணம் கேபிளாக இருக்கலாம், கார்டாக இருக்கலாம், கம்ப்யூட்டரே எழுந்திருக்காமல் இருக்கலாம். மானிட்டரில் கேபிள் செருகும் துளை பழுதாகி இப்படி நடப்பதும் உண்டு, ஆனால் அபூர்வம். வேறு துளையில் செருகிப் பார்த்தால் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும்.

விசிறி சொல்லும் பொய்

கார்டின் விசிறி சுற்றுவதால் கார்டு நன்றாக இருக்கிறது என்று நினைப்பது, ஹாலில் மின்விசிறி ஓடுவதைப் பார்த்து வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று நம்புவது மாதிரி. பூட்டிக்கொண்டு போனவர்கள் சுவிட்சை அணைக்க மறந்திருக்கலாம்.

விசிறிக்கு வேண்டியது 12 வோல்ட். அது எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேராக வந்துவிடுகிறது. படத்தை உருவாக்கும் சிப்புக்கோ ஏறத்தாழ 1 வோல்ட்தான் வேண்டும். 12 வோல்ட்டை அந்த அளவுக்கு இறக்கிக் கொடுக்கக் கார்டின் மேலேயே தனியாக ஒரு சுற்று இருக்கிறது. அந்தச் சுற்று போனாலும், சிப் போனாலும், சிப்பைச் சுற்றியுள்ள நினைவகத் துண்டுகளில் ஒன்று போனாலும் விசிறி தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, அந்த மாவு மில் சத்தம். விசிறி எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று வெப்பத்தைப் பார்த்துக் கட்டளையிடுவது சிப்பும் அதற்குள் இருக்கும் நிரலும்தான். சிப் நடுவழியில் மயங்கி விழுந்தால் கட்டளையிட ஆள் இல்லை. அப்படி ஆனால் பாதுகாப்புக்காக முழு வேகத்தில் சுற்றும்படிதான் பல கார்டுகளை அமைத்திருக்கிறார்கள். எனவே வேலைக்கு நடுவே திரை கறுத்து, அதே நொடியில் கார்டு விசிறி அலற ஆரம்பித்தால் என் சந்தேகம் முதலில் கார்டின் மேலும், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வழியின் மேலும்தான் போகும். இதற்கு நேர்மாறான பயமும் சிலருக்கு உண்டு. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போது கார்டு விசிறி மட்டும் நின்றிருப்பதைப் பார்த்துப் பதறுவார்கள். இப்போதைய கார்டுகள் பலவும் வேலை குறைவாக இருக்கும்போது விசிறியை நிறுத்திவைப்பது வழக்கம். அது பழுதில்லை.

மின்சாரம் வரும் வழியைச் சோதிக்கக் காசு செலவில்லை. மதர்போர்டில் கார்டு செருகியிருக்கும் துளை தரக்கூடியது 75 வாட்தான். அதற்கு மேல் வேண்டிய கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக் கேபிள் வரும். எட்டு முனை கொண்ட கேபிள் என்றால் 150 வாட். அது சரியாக உட்காராமல் அரைகுறையாகத் தொங்கினாலும் விசிறி சத்தமாகச் சுற்றும், படம் வராது. கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். தம்பியிடம் போனிலேயே இதைச் செய்யச் சொன்னேன். செய்தார். பலனில்லை. மாலையில் நேரில் போனேன்.

முகூர்த்தப் பட்டில் பச்சைக் கட்டம்

நான் போனபோது கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தை மாதிரி. "நாற்பது பக்க ஆல்பம் இருக்குல்ல, அதைத் திறங்க" என்றேன். பெரிய ஃபைல். இருபது நிமிடம் வேலை பார்த்தார். திடீரென்று மணப்பெண்ணின் அரக்குப் பட்டின் மேல் இளஞ்சிவப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்தன. ஒழுங்கான இடைவெளியில், கோலப்புள்ளி வைத்தது மாதிரி. இதைத்தான் சர்வீஸ்காரர்கள் 'ஆர்டிஃபேக்ட்' என்கிறார்கள்.

"ஃபைல் கரப்ட் ஆயிடுச்சாண்ணே?" அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு காரியம் செய்தேன். இந்தக் கட்டுரையில் இரண்டே விஷயம்தான் மனதில் நிற்கும் என்றால் அவை இவை இரண்டாகவே இருக்கட்டும்.

முதலில் மானிட்டரின் அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம், வண்ணம் எல்லாம் மாற்றுவதற்கான மெனு திரையின் மேல் விரிந்தது. இந்த மெனுவும் `No Signal` பெட்டியைப் போலவே மானிட்டர் தானே வரைந்துகொள்வது. கம்ப்யூட்டரிலிருந்து வரும் படத்துக்கு மேலே ஒட்டிய ஸ்டிக்கர் போல அது நிற்கும். கட்டங்கள் மெனுவின் மேலும் விழுந்தால் குற்றம் மானிட்டரில். மெனு சுத்தமாக இருந்து அதைச் சுற்றிலும் மட்டும் கட்டங்கள் இருந்தால், படம் மானிட்டருக்கு வந்து சேரும்போதே கெட்டுப்போயிருக்கிறது. தம்பியின் திரையில் மெனு பளிங்கு மாதிரி இருந்தது.

பிறகு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வாட்ஸப்பில் என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். ஸ்கிரீன்ஷாட் என்பது கண்ணாடித் திரையைப் படம் பிடிப்பது இல்லை. கம்ப்யூட்டருக்குள் உருவாகியிருக்கும் படத்தை, அது கேபிளில் ஏறுவதற்கு முன்பே நகலெடுப்பது. அதைக் கட்டங்கள் விழும் அதே மானிட்டரில் பார்த்தால் எதுவும் தெரியாது, வேறொரு திரையில் பார்க்க வேண்டும். என் போனில் திறந்தேன். பட்டுப்புடவை மேல் அதே பச்சைக் கட்டங்கள். அப்படியென்றால் கேபிளுக்கும் மானிட்டருக்கும் போகுமுன்பே, கம்ப்யூட்டருக்குள்ளேயே படம் கெட்டாயிற்று. இரண்டு சோதனைக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஸ்கிரீன்ஷாட்டில் பழுது தெரிந்தால் மானிட்டருக்கு விடுதலை. ஆனால் தெரியாவிட்டால் கார்டுக்கு விடுதலை என்று அர்த்தமில்லை. கார்டிலிருந்து படம் வெளியேறும் துளையிலோ கேபிளிலோ பழுது இருக்கலாம். இன்னொரு பொய்ச் சாட்சியும் உண்டு. திரையைப் போன் கேமராவில் நேராகப் படமெடுத்தால் அலை அலையாக ஒரு கோலம் விழும். அது கேமராவின் கைங்கர்யம். அதைக் காட்டி யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம்.

கட்டங்கள் ஏன் கோலப்புள்ளி போல ஒழுங்காக வந்தன? அந்தக் கார்டில் 6 ஜிபி நினைவகம். அது ஒரே துண்டு இல்லை. சிப்பைச் சுற்றி ஆளுக்கு 1 ஜிபியாக ஆறு துண்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. வேகத்துக்காகப் படத்தைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக வெட்டி, சீட்டுக்கட்டைப் பிரித்துப் போடுவது போல ஆறு பேருக்கும் மாறி மாறிக் கொடுத்துவைக்கிறது கார்டு. ஆறில் ஒருவர் மட்டும் தவறாகத் திருப்பிக் கொடுத்தால், அவரிடம் போன துணுக்குகள் மட்டும் சீரான இடைவெளியில் கெட்டிருக்கும்.

ஆல்பத்தைத் திறந்தால் மட்டும் பழுது வந்ததற்கும் விளக்கம் உண்டு. 1920-க்கு 1080 அளவுள்ள திரைக்கு ஒரு படத்தை வைத்துக்கொள்ள ஏறத்தாழ 8 எம்பி போதும். 6 ஜிபியில் அது ஒரு மூலை. பெரிய ஃபைல் வந்து அறைகள் நிரம்பும்போதும், வேலையில் கார்டு சூடேறும்போதும்தான் பலவீனமான இடம் வெளியே வரும். காலையில் நன்றாக இருந்தது, மதியம் போய்விட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை.

விண்டோஸ் எழுமுன்

கார்டிலேயே கோளாறா, இல்லை அதை இயக்கும் டிரைவர் மென்பொருளிலா என்ற கேள்வி மிச்சமிருந்தது. ரீஸ்டார்ட் செய்து, `Del` விசையைத் தட்டி பயாஸ் பக்கத்துக்குப் போனேன். விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவில்லை, டிரைவரும் வரவில்லை. ஆனால் கறுப்புப் பின்னணியில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் ஆஜர். டிரைவருக்கும் விடுதலை.

பயாஸிலும் சேஃப் மோடிலும் சுத்தமாக இருந்து விண்டோஸுக்குள் மட்டும் பழுது தெரிந்தால், டிரைவரை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்ப்பது நியாயம். சில நேரம் திரை ஓரிரு நொடி கறுத்துத் தானாகவே திரும்பும். கிராஃபிக்ஸ் சிப் 2 நொடிக்குள் பதில் சொல்லவில்லை என்றால் விண்டோஸ் அதை உலுக்கி எழுப்பும் ஏற்பாடு அது. நாமே எழுப்பிப் பார்க்க `Windows + Ctrl + Shift + B` விசைகளைச் சேர்த்து அழுத்தலாம். ஆனால் டிரைவர் இல்லாதபோது கார்டு நோகாமல் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால் ஆரம்பநிலைப் பழுது சேஃப் மோடில் ஒளிந்துகொள்ளும். அங்கே சுத்தமாக இருந்தது என்பதற்காகவே கார்டு நல்லது என்று சொல்லிவிட முடியாது.

மறுபடி விண்டோஸுக்குள் போய், நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. விசிறி அலறியது. தம்பி வைத்திருந்த இளையராஜா பாட்டு மட்டும் ஸ்பீக்கரில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கீபோர்டில் `Caps Lock` விசையைத் தட்டினேன். விளக்கு எரிந்து அணைந்தது. கம்ப்யூட்டர் உயிரோடு, நினைவோடு இருக்கிறது. கண் மட்டும்தான் போயிருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். தள்ளாடினால் பெரும்பாலும் மொத்தக் கம்ப்யூட்டரும் அணையும், அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகும். இங்கே அப்படி நடக்கவில்லை.

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கினோம். துளையின் முனையில் இருக்கும் சின்னக் கொக்கியை விடுவித்துவிட்டுக் கார்டைக் கழற்றினோம். கொக்கியை மறந்து இழுத்தால் மதர்போர்டு போய்விடும். பிறகு கேபிளை மதர்போர்டின் சொந்த எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினோம். இரண்டு மணி நேரம் அதே ஆல்பம், அதே மானிட்டர். ஒரு கட்டம்கூட வரவில்லை.

இந்தச் சோதனை எல்லாருக்கும் பலிக்காது. பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் இருந்தால்தான் மதர்போர்டு துளையில் படம் வரும். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் `F` என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. அந்த வீட்டில் இப்படிச் செருகிவிட்டு மதர்போர்டும் போச்சு என்று அழக்கூடாது. அவர்களுக்கு வேறொரு கார்டை இரவல் வாங்கிப் போடுவதுதான் வழி.

உறுதிக்காக மறுநாள் அந்தக் கார்டை அடுத்த தெரு கேமிங் சென்டரில் ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். வேறு எஸ்.எம்.பி.எஸ்., வேறு கேபிள், வேறு மானிட்டர். பயாஸிலேயே இளஞ்சிவப்புப் புள்ளி. தம்பி ஒன்றும் பேசாமல் கார்டைப் பழைய அட்டைப் பெட்டிக்குள் வைத்தார்.

மானிட்டரே குற்றவாளி என்றால்

மானிட்டர்கள் எல்லாம் நிரபராதிகள் என்று சொல்ல வரவில்லை. வீடியோ கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் ஆன் செய்தால் அந்தச் சின்னப் பெட்டி வர வேண்டும். அதுவும் வராவிட்டால் கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவே வேண்டாம். படம் இரண்டு நொடி வந்துவிட்டு மறைந்தால் உள்விளக்கின் மேல் சந்தேகப்படுங்கள். எல்.சி.டி. பேனல் தானாக ஒளிராது, பின்னாலிருந்து விளக்கு அடிக்க வேண்டும். விளக்கு போனால் படம் இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். டெஸ்க்டாப் ஐகான்கள் ஆவி மாதிரி மங்கலாகத் தெரிந்தால் கார்டு ஒழுங்காகப் படம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவன் இந்த நிலையில் கார்டை அடிமாட்டு விலைக்கு விற்கப் பார்த்தான். டார்ச்தான் அதைக் காப்பாற்றியது.

மேலிருந்து கீழாக ஒரே மயிரிழைக் கோடு, எந்தப் படம் வந்தாலும் அதே இடத்தில், மெனுவையும் கிழித்துக்கொண்டு போனால் அது பேனல் பழுது. சரிசெய்யும் செலவுக்குப் புது மானிட்டரே வாங்கிவிடலாம். ஆனால் பின்மூடியைத் திருப்புளியால் திறந்து பார்க்கிற வேலை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் மின்சாரம் நிற்கும்.

கேபிள் பழுது வேறு ஜாதி. வெள்ளைப் பொட்டுகள் மினுமினுக்கும், அல்லது திரை ஒரு நொடி போய்ப் போய் வரும். திரையின் வேகத்தை 144 ஹெர்ட்ஸிலிருந்து 60-க்குக் குறைத்ததும் நின்றுவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

ஆன் செய்த நொடியிலிருந்தே எதுவும் வரவில்லை, விசிறிகள் மட்டும் சுற்றுகின்றன என்றால் கார்டுக்கு முன்பாக ரேமைப் பாருங்கள். நம் ஊர் சர்வீஸ் பையன்கள் ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அதன் தங்கப் பற்களைத் தேய்த்து மாட்டுவதைச் சிலர் கேலி செய்கிறார்கள். பல நேரம் அதிலேயே டிஸ்ப்ளே வந்துவிடும். சில மதர்போர்டுகளில் `CPU`, `DRAM`, `VGA`, `BOOT` என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கம்ப்யூட்டர் சிக்கி நிற்கிறது.

அடுப்பில் வைக்காதீர்கள்

கார்டு ஏன் இப்படிக் கெடுகிறது? பொதுவான காரணங்களில் ஒன்று, சூடேறிக் குளிர்ந்து, மறுபடி சூடேறுவது. ஒவ்வொரு முறையும் சிப்பும் அதைத் தாங்கும் போர்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்க, நடுவில் இருக்கும் சால்டர் குண்டுகளில் கீறல் விழுகிறது. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், சில லேப்டாப் சிப்புகளைப் பொதிந்த பொருள் பலவீனமாக இருந்ததற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவிக்க வேண்டியிருந்தது. கெட்டுப்போன கார்டை வீட்டு ஓவனில் சுடும் வைத்தியம் பரவியது அந்த ஆண்டுகளில்தான்.

அந்த வைத்தியம் சில நாள் பலிப்பதும் உண்மை. சூட்டில் கீறல்கள் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரியும். ஈயம் கலக்காத இன்றைய சால்டர் உருகத் தொடங்குவதே 217 டிகிரி வாக்கில்தான். 200 டிகிரியில் சுடுபவர்கள் எதையும் உருக்கவில்லை, பிளாஸ்டிக்கின் புகையைத்தான் கேக் சுடும் பெட்டிக்குள் ஏற்றுகிறார்கள்.

ஒழுங்கான வழி சிப் லெவல் சர்வீஸ். நல்ல சர்வீஸ்காரர் முதலில் நினைவகச் சோதனை ஓட்டி, ஆறு துண்டில் எது தவறு செய்கிறது என்று கண்டுபிடிப்பார். பிறகு அதை மட்டும் வெப்பக்காற்றில் எடுத்துவிட்டு வேறொன்று வைப்பார். சோதனை எதுவும் ஓட்டாமல், 'ஹீட் கொடுத்தா வந்துடும் சார்' என்பவரிடம் கார்டைக் கொடுக்காதீர்கள். பழுது நினைவகத்தில் இல்லாமல் நடுச் சிப்பிலேயே இருந்தால், பழைய கார்டுக்குச் செலவு செய்வது வீண் என்பது என் கருத்து. வாரன்டி மிச்சமிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. திருகாணியைக்கூடத் தொடாமல் அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

தம்பியின் கார்டில் ஒரு துண்டு மாற்றியிருக்கிறார்கள். கார்டு திரும்பி வரும்வரை மூன்று கல்யாண ஆல்பங்களை மதர்போர்டு துளையை வைத்தே முடித்தார். எஃபெக்ட் போடும்போது கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான்.

உங்கள் திரையில் கட்டமோ கோடோ வந்தால், கடைக்குப் புறப்படுமுன் மானிட்டர் மெனுவைத் திறந்துவைத்து ஒரு போட்டோவும், ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ்காரரிடம் பேச்சை அங்கிருந்து ஆரம்பியுங்கள். தம்பி கடையில் இப்போது மேசையில் இரண்டு மானிட்டர். பரணிலிருந்து இறங்கி வந்த பழையதில் இன்றுவரை ஒரு புள்ளிகூடச் சாகவில்லை.